கழுத்துப்பட்டைப் புள்ளிகளும் யானையின் வாழ்பரப்பும்

(குள்ளஞ்சாவடியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2023 மே 27 அன்று தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருக்களில் ஒரு காட்டு யானை ஓடிவந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கேரளத்தின் சின்னக்கானலில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானை அது. அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் விட்டார்கள். அங்கே அது தங்கவில்லை. மேகமலைப் பக்கம் வந்தது, பிறகு கம்பத்துக்குள் இறங்கியது. ஜூன் 5 அதிகாலையில் தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் மேல் கோதையாறு பக்கம் கொண்டுபோய் விட்டது. செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களை எட்டிப்பார்த்தது.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான் இருந்தது. அந்த யானையின் எல்லை எது? எந்த ஊர் வரை வரும்? இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். காலர் தரும் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு விலங்கின் வாழ்பரப்பை வரைவதற்கு இரண்டு முறைகள் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று குறைந்தபட்சப் பல்கோணம், மற்றது கெர்னல் அடர்த்தி. இரண்டும் ஒரே புள்ளிகளிலிருந்து இரண்டு வேறு படங்களைத் தரும். எந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை என்று தெரியாமல் வரைபடத்தில் ஒரு கோட்டைப் போட்டு, அதற்குள் வரும் ஊர்களை எண்ணிச் சொல்வது ஆபத்தானது. கோட்டுக்கு உள்ளே இருப்பவர் வீணாகப் பயப்படுவார், வெளியே இருப்பவர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவார்.

வாழ்பரப்பு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1943-இல் வில்லியம் பர்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் சொன்ன விளக்கத்தைத்தான் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறோம். ஒரு விலங்கு இரை தேடவும், இணை சேரவும், குட்டிகளைப் பேணவும் வழக்கமாக நடமாடும் பரப்பு அதன் வாழ்பரப்பு. எப்போதாவது ஒருமுறை வெளியே போய்வந்த இடத்தை இதில் சேர்க்கக் கூடாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ‘வழக்கமாக’ என்ற அந்த ஒரு நிபந்தனையைக் கணக்குக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் இந்தத் துறையின் பாதிச் சண்டை இருக்கிறது.

காலரிலிருந்து நமக்கு வருவது ஒரு நீண்ட அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் கணிக்கப்பட்டது என்ற எண், அந்தக் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கான அளவு ஆகியவை இருக்கும். கோடு போடும் முன் இந்த அட்டவணையோடு உட்கார வேண்டும். நேரம் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தில் பதிவாகியிருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு யானை வாழைத்தோட்டத்தில் நின்றிருந்தால், அட்டவணை அதை முந்தைய நாள் 19:30 என்று காட்டும். இதைத் திருத்தாமல் இரவு நடமாட்டத்தைப் பகல் நடமாட்டத்திலிருந்து பிரித்தால் பாதி இரவு பகலோடு சேர்ந்துவிடும்.

அடுத்து, பாகைகளை மீட்டராக மாற்ற வேண்டும். கம்பம், மேகமலை, கோதையாறு எல்லாம் 78 பாகைக்கு மேற்கே இருப்பதால் UTM மண்டலம் 43-இல் வரும். நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் மண்டலம் 44. கடலூர் மாவட்டத்து வேலைக்கு வைத்திருந்த கோப்பை அப்படியே எடுத்துத் தேனி மாவட்டத்துப் புள்ளிகளுக்குப் போடக் கூடாது.

மூன்றாவது, வேகம் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மணி நேரமும் நாற்பது கிலோமீட்டரும் இருந்தால் யானை நடக்கவில்லை. ஒன்று, அடர்ந்த மரநிழலிலோ செங்குத்தான பள்ளத்திலோ காலர் இடத்தைத் தப்பாகக் கணித்திருக்கிறது. அல்லது யானை லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. அரிக்கொம்பன் விஷயத்தில் இந்த இரண்டாவது காரணம் நிஜமாகவே நடந்தது.

இனி பல்கோணம். எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கி, உட்குழிவு எங்கும் இல்லாமல், வெளிப்புறப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் கிடைப்பது குறைந்தபட்சக் குவிப் பல்கோணம். 1947-இல் மோர் என்பவர் எழுதியதிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. கணினி வேண்டாம், காகிதமும் அளவுகோலும் போதும். பழைய ஆய்வுகள் பலவும் இந்த முறையில் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் இது தேவைப்படுகிறது.

இதன் பலவீனத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு யானையின் புள்ளிகள் எல்லாம் கிழமேற்காகப் பத்துக் கிலோமீட்டர், தென்வடலாக ஆறு கிலோமீட்டர் உள்ள ஒரு செவ்வகத்தை நிறைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 60 சதுர கிலோமீட்டர். ஓர் இரவு அது கிழக்கு விளிம்பிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டு விடிவதற்குள் திரும்பிவிட்டது. அங்கே காலர் பதித்தது ஒரே ஒரு புள்ளி. பல்கோணத்தில் இப்போது ஒரு முக்கோணம் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் ஆறு, உயரம் பன்னிரண்டு, ஆக 36 சதுர கிலோமீட்டர். அறுபது இருந்த இடத்தில் தொண்ணூற்றாறு. பின்னால் ஆயிரம் புள்ளிகள் இருந்தாலும் நாலாயிரம் இருந்தாலும் இந்த ஒரு புள்ளியின் வலு குறையாது. அந்த முக்கோணத்தின் பெரும்பகுதியில் யானை காலே வைத்ததில்லை.

இதற்கு வழக்கமாகச் செய்யும் பரிகாரம் 95 விழுக்காட்டுப் பல்கோணம். மையத்திலிருந்து அதிகத் தொலைவில் உள்ள ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளை நீக்கிவிட்டு மற்றவற்றுக்குக் கோடு போடுவார்கள். எப்போதாவது போன இடத்தைச் சேர்க்காதே என்று பர்ட் சொன்னதற்கு இது ஒத்துப்போகிறது. ஆனால் ஓர் ஆண்டின் ஐந்து விழுக்காடு என்பது பதினெட்டு நாட்கள். யானை பயிருக்குள் இறங்கியது அந்தப் பதினெட்டு நாட்களிலாகவே இருக்கலாம். காட்டின் சூழலியலை எழுதுபவருக்கு அந்தப் புள்ளிகள் விலக்கத்தக்கவை. ஊர்க்காரர்களுக்கு அவை மட்டுமே முக்கியம். ஆகவே எச்சரிக்கை கொடுக்க வேண்டிய ஊர்களின் பட்டியலை 95 விழுக்காட்டுக் கோட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பட்டியலுக்கு நூறு விழுக்காட்டுப் புள்ளிகளும் வேண்டும், அதுவும் கோடாக அல்ல, புள்ளிகளாகவே வேண்டும்.

அரிக்கொம்பனுக்கு இந்தப் பல்கோணத்தை வரைந்தால் என்ன ஆகும்? அதன் காலர் புள்ளிகள் வனத்துறை வசம் இருப்பவை. செய்திகளில் வெளிவந்த இடங்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். வடக்கே சின்னக்கானல், பிறகு பெரியாறு, கம்பம், தெற்கே கோதையாறு, மாஞ்சோலை. இவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் தென்வடலாக 150 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு பட்டை கிடைக்கும். கம்பத்திலிருந்து மாஞ்சோலைக்குப் போகும் பக்கம் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தை உரசிக்கொண்டு இறங்கும். அந்த வட்டாரத்துக்கும் இந்த யானைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கம்பத்துக்கும் கோதையாற்றுக்கும் நடுவே உள்ள தூரத்தை அது நடந்து கடக்கவே இல்லை, மயக்கத்தில் லாரியில் நின்றுகொண்டு கடந்தது. லாரி ஓடியபோது காலர் பதித்த புள்ளிகளையும் நீக்காமல் விட்டால் பட்டை சமவெளிச் சாலை வரை கிழக்கே விரியும். கணினி குறை சொல்லாது. கொடுத்த புள்ளிகளுக்குச் சரியான பல்கோணத்தைத்தான் அது கொடுத்திருக்கும்.

கெர்னல் முறை வேறொரு கேள்வியைக் கேட்கிறது. எது வரை போனது என்று கேட்காமல், எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்கிறது. 1989-இல் வொர்ட்டன் இதை வாழ்பரப்பு ஆய்வுக்குக் கொண்டுவந்தார். நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டி எழுந்த மேடுகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதுபோல, ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே அளவு மண்ணைக் கொட்டுங்கள். தனியாகக் கிடக்கும் புள்ளியில் ஒரு தாழ்ந்த குவியல் இருக்கும். புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் குவியல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குன்றாகும். எல்லாம் கொட்டி முடித்தபின் அந்தக் குன்றை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கிடையாக வெட்டுகிறோம். மொத்த மண்ணில் 95 விழுக்காடு உள்ளே இருக்கும்படி வெட்டிய கோடு வாழ்பரப்பு. 50 விழுக்காட்டுக் கோடு அதன் மையப் பகுதி. கரும்புத் தோட்டத்துக்கு ஒரே ஓர் இரவு போன புள்ளி இங்கே 36 சதுர கிலோமீட்டரை இழுத்துக்கொண்டு வராது. பல சமயம் 95 விழுக்காட்டுக் கோட்டுக்கு வெளியே தாழ்ந்த குவியலாகவே நின்றுவிடும்.

குவியலை எவ்வளவு அகலமாகப் பரப்புவது என்பதுதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அந்த அகலத்தை h என்று குறிப்பார்கள். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு பெரும்பாலும் இந்தச் சூத்திரத்திலிருந்து வருகிறது:

```
h = σ × n^(-1/6)
σ = sqrt( (var(x) + var(y)) / 2 )
```

σ என்பது புள்ளிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, n என்பது புள்ளிகளின் எண்ணிக்கை. புள்ளி கூடக்கூட அகலம் குறையும். சிதறல் நான்கு கிலோமீட்டர் என்றால், 64 புள்ளிக்கு h இரண்டு கிலோமீட்டர், 4096 புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி என்றால் ஓர் ஆண்டில் சுமார் நாலாயிரம் புள்ளிகள் சேரும். ஆக, ஓராண்டுக் காலருக்கு ஒரு கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம் போலத் தோன்றும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, யானை கோடையில் ஓரிடத்திலும் மழைக்காலத்தில் வேறிடத்திலும் வாழ்ந்தால் வருவது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் பாஸ்கரனும் அவர் கூட்டாளிகளும் ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பெண் யானைக் கூட்டங்களின் வாழ்பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்று வந்தது. அங்கே யானைகள் பருவத்துக்கேற்ப இடம் மாறுகின்றன. இரண்டு இடங்களுக்கும் நடுவே 30 கிலோமீட்டர், ஒவ்வோர் இடத்திலும் புள்ளிகளின் சிதறல் மூன்று கிலோமீட்டர், மொத்தம் 4096 புள்ளிகள் பாதிப்பாதி என்று ஒரு மாதிரிக் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து மென்பொருளிடம் கொடுத்தால், நடுவில் உள்ள 30 கிலோமீட்டர் இடைவெளியையும் அது சிதறல் என்றே எண்ணும். σ சுமார் 11 கிலோமீட்டர் என்று வரும், h சுமார் 2.8 கிலோமீட்டர் ஆகும். இரண்டு பருவத்தையும் தனித்தனியே போட்டால் σ மூன்றுதான், h சுமார் 0.84 கிலோமீட்டர். குவியல் மூன்று மடங்குக்கும் மேல் அகலமாகக் கொட்டப்பட்டிருக்கிறது. கோடு காட்டைத் தாண்டி வயலுக்குள் வழியும். அந்த வயலுக்கு யானை வந்ததே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. 95 விழுக்காட்டுக் கோட்டைப் புள்ளிகளின் மேலேயே வைத்துப் பாருங்கள். விளிம்பெங்கும் கோட்டுக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே வெற்றிடம் அகலமாகக் கிடந்தால் h மிகப் பெரிது. கோடு சின்னச்சின்னத் தீவுகளாக உடைந்து, ஒவ்வொரு தண்ணீர்க்குட்டையையும் தனித்தனியே சுற்றி நின்றால் h மிகச் சிறிது. அகலத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் இன்னொரு முறை உண்டு, LSCV என்பார்கள். ஒரே இடத்தில் புள்ளிகள் திரும்பத் திரும்ப விழும்போது அது அடிக்கடி இந்தத் தீவு நோயில் போய் விழும். யானை ஒரு குட்டைக்குத் தினமும் வந்தால் போதும், அது குழம்பிவிடும்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. n என்ற எண்ணைச் சூத்திரம் நம்புகிறது. ஒவ்வொரு புள்ளியும் மற்றதோடு தொடர்பில்லாத புதிய செய்தி என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பத்து மணிக்கு யானை நின்ற இடம் தெரிந்தால் பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்கும் என்பது முக்கால்வாசி தெரிந்ததுதான். தன் பரப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அதற்குப் பத்து நாள் ஆகிறது என்றால், ஓராண்டில் உண்மையாகப் புதிய செய்தி சொல்லும் புள்ளிகள் முப்பத்தாறு சொச்சம்தான். அட்டவணையில் நாலாயிரம் வரி இருந்தாலும் செய்தி முப்பத்தாறுதான். அந்த முப்பத்தாறைச் சூத்திரத்தில் போட்டால், நாம் ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிய h 2.2 கிலோமீட்டராக வரும். புள்ளிகளை அடிக்கடி எடுத்தால் கோடு துல்லியமாகும் என்று நம்புவது இயல்பு. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு: அடிக்கடி எடுத்த புள்ளிகள் குவியலைத் தப்பாகக் குறுக்கி, வாழ்பரப்பை உள்ளதைவிடச் சிறிதாகக் காட்டும். 2015-இல் ஃபிளெமிங்கும் அவர் குழுவும் இந்தத் தொடர்பையே கணக்கில் எடுத்து அகலத்தைத் திருத்தும் முறையைக் கொடுத்தார்கள். R மொழியில் ctmm என்ற தொகுப்பில் அது இருக்கிறது. எத்தனை வரி இருக்கிறது என்பதோடு, உண்மையில் எத்தனை புள்ளிக்குச் சமம் என்பதையும் அது அச்சிட்டுத் தரும். அந்த எண் ஐந்து, ஆறு என்று வந்தால் கோடு போடுவதை நிறுத்திவிட்டு இன்னும் சில மாதம் காத்திருப்பதே நேர்மை.

இப்போது அரிக்கொம்பனிடம் திரும்புவோம். ஏப்ரல் 30-இலிருந்து ஜூன் 5 வரை, பெரியாற்றில் விட்டதிலிருந்து மறுபடி பிடித்தது வரை, 36 நாட்கள். இந்த நாட்களின் புள்ளிகளைக் கெர்னலில் போட்டால் ஒரு கோடு கண்டிப்பாக வரும். 95, 50 என்று அழகாகவும் வரும். ஆனால் அது வாழ்பரப்பு ஆகாது. விலங்கு ஓரிடத்தில் நிலைத்து வாழ்கிறது, திரும்பத் திரும்ப அங்கேயே வருகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது. வீட்டைத் தேடி அலையும் யானைக்கு அந்த அனுமானம் பொருந்தாது.

இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் கூட்டாளிகளும் இதை நேராகவே பார்த்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்த 12 ஆண் யானைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்ட 16 இடமாற்றங்களை ஜிபிஎஸ் காலர் வழியே தொடர்ந்து, 2012-இல் வெளியிட்டார்கள். யானைகள் மூன்று விதமாக நடந்துகொண்டன. சில பிடித்த இடத்துக்கே திரும்பின. சில எங்கும் தங்காமல் பரந்து அலைந்தன. சில விட்ட இடத்துக்கு அருகே புதிய வாழ்பரப்பை அமைத்துக்கொண்டன. இந்த மூன்றாவது வகைக்கு மட்டுமே நாம் இன்று பேசும் கோடு பொருந்தும். அதே நாட்டின் தெற்கில் இடம்பெயர்க்கப்படாத யானைகளைப் பின்தொடர்ந்த 2008-ஆம் ஆண்டின் ஆய்வில் சராசரி வாழ்பரப்பு சுமார் 115 சதுர கிலோமீட்டர்தான். நீலகிரியில் 500-க்கு மேல், இலங்கையில் 115. காடும் வேறு, மழையும் வேறு, ஆகவே ஒரு யானைக்கு இவ்வளவு பரப்பு வேண்டும் என்று ஒரே எண்ணை எடுத்து எல்லா மாவட்டத்துக்கும் எழுதிவிட முடியாது.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் யானை நேர்கோட்டில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். தூரம் ஏறிக்கொண்டே போனால் அது பயணத்தில் இருக்கிறது. ஏறி ஒரு மட்டத்தில் நின்று, அந்த மட்டத்துக்குள் மேலும் கீழும் ஆடினால் தங்கிவிட்டது. அந்த ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து புள்ளிகளை எடுங்கள், அதற்கு முந்தியவற்றை வேறு கோப்பில் வையுங்கள். அரிக்கொம்பனுக்கு இப்படிப் பிரித்தால் பெரியாறு நாட்கள் ஒரு துண்டு, லாரி நேரம் நீக்க வேண்டிய துண்டு, ஜூன் 6-க்குப் பின் கோதையாற்று மேட்டில் கழிந்த நாட்கள் இன்னொரு துண்டு. மாஞ்சோலைப் பயணம் அந்தக் கடைசித் துண்டுக்குள் அடங்கிய சுற்றா, அல்லது மறுபடியும் ஒரு புறப்பாடா என்பதை இந்த வரைபடம்தான் சொல்லும். ஒரு நாள் செய்தி சொல்லாது.

நம் ஊருக்கு யானை வருவதில்லை. ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர்கள் இதே வேலையை நம் முந்திரித் தோப்புகளில் ஒரு நரியை வைத்துத் தொடங்கலாம் என்று எனக்கு ஆசை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டு விலங்கையும் தொடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலரின் எடை விலங்கின் எடையில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் விதி, மூன்று இன்னும் நல்லது. எட்டுக் கிலோ நரி என்றால் நானூறு கிராமுக்குள், முடிந்தால் இருநூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும். சிறிய காலருக்குச் சிறிய மின்கலம், ஆகவே புள்ளிகளும் குறையும். எவ்வளவு அடிக்கடி எடுப்பது, எத்தனை மாதம் எடுப்பது என்பதில் ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பெற முடியும். என்னைக் கேட்டால் மாதங்களைத்தான் எடுக்கச் சொல்வேன். ஏன் என்பது முப்பத்தாறு புள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது.

அந்த நரி சுரங்கப் பள்ளத்தின் இரு கரையிலும் இரை தேடினால், பல்கோணம் பள்ளத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். கெர்னல் குவியலும் ஓரத்தில் பள்ளத்துக்குள் சரியும். அதற்குச் செய்ய வேண்டியது, சுரங்கத்தின் எல்லைக்கோட்டைத் தடையாகக் கொடுத்துக் கணக்கிடுவது, அல்லது பள்ளத்தில் விழுந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, மீதியை மறுபடி நூறு விழுக்காடாக்கி, 95-ஐப் புதிதாக வெட்டுவது. வெறுமனே கத்தரித்துவிட்டு அதே கோட்டை 95 விழுக்காடு என்று எழுதக் கூடாது. சுரங்கம் நகர்ந்துகொண்டே இருப்பது என்பதால், எந்த மாதத்து எல்லைக்கோடு என்பதையும் படத்தின் கீழே எழுத வேண்டும். அதோடு புள்ளிகள் எடுத்த தேதிகள், எண்ணிக்கை, எந்த முறை, எத்தனை விழுக்காடு, h எவ்வளவு என்பனவும் அந்த வரியிலேயே வர வேண்டும். அந்த வரி இல்லாத வாழ்பரப்புப் படத்தை உங்கள் மேசைக்கு யார் கொண்டுவந்தாலும், அதை எழுதிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்புங்கள்.